முட்டை கஸ்டர்ட் ஐஸ்கிரீம்: திரியாமல் காய்ச்சி, ஐஸும் கல் உப்பும் வைத்து உறைய வைக்கும் முறை

கஸ்டர்ட் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அட்டைப்பெட்டியில் வரும் பொடிதான். ஆறிய பாலில் கரைத்துக் கொதிக்கும் பாலில் ஊற்றிக் கிளறினால், இரண்டு நிமிடத்தில் கூழ் மாதிரி ஆகிவிடும். அந்தப் பொடியில் முட்டையே கிடையாது. 1837இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் சோள மாவை வைத்து உருவாக்கியது அது. சோள மாவு கொதி வந்தால்தான் நன்றாகக் கெட்டியாகும். முட்டையைக் கொதிக்க விட்டால் திரிந்துவிடும்.

பொடியில் கஸ்டர்ட் செய்து பழகிய கை, முட்டை கஸ்டர்டைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். "இன்னும் கெட்டியாகவில்லையே" என்று அடுப்பைக் கொஞ்சம் கூட்டுவோம், அல்லது இன்னும் ஒரு நிமிடம் வைப்போம். அந்த ஒரு நிமிடத்தில் பால் தனியாகவும் முட்டைப் பொரியல் தனியாகவும் பிரிந்து நிற்கும். சூடாக இருக்கும்போது சரியான பதத்தில் உள்ள முட்டை கஸ்டர்ட் பார்வைக்கு நீர்த்தேதான் இருக்கும். சுண்டக் காய்ச்சிய பாலை விடச் சற்றுக் கெட்டி, அவ்வளவுதான். மீதிக் கெட்டித்தன்மை ஃப்ரிட்ஜில் வரும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே சொல்லப்போவது ஐஸ்கிரீம் மெஷின் இல்லாமல், சாதாரண கேஸ் அடுப்பிலும் ஒரு தூக்குவாளியிலும் செய்யும் வெனிலா ஐஸ்கிரீம். ஆறேழு பேருக்குப் போதும்.

எடுத்து வைக்க வேண்டியவை

கொழுப்புள்ள பால் அரை லிட்டர். பாக்கெட்டில் 6 சதவீதக் கொழுப்பு என்று போட்டிருக்கும் ஃபுல் கிரீம் பால்தான் வேண்டும், ஆவினில் ஆரஞ்சு பாக்கெட். 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீம் 200 மில்லி. ஐந்து முட்டைகளின் மஞ்சள் கரு. சர்க்கரை 130 கிராம். உப்பு ஒரு சிட்டிகை. வெனிலா எசென்ஸ் ஒன்றரை டீஸ்பூன்.

கிரீம் வாங்கும்போது பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். கேக் மேலே அடித்துப் பூசுவதற்கென்று விற்கும் கிரீம்களில் பல, தாவரக் கொழுப்பில் செய்தவை, சர்க்கரையும் சேர்ந்திருக்கும். அதைப் போட்டால் இனிப்புக் கணக்கு குழம்பும், நாக்கில் மெழுகு பூசியது போல ஒட்டும். பாலிலிருந்து எடுத்த கிரீம் என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும்.

சர்க்கரையை மனம்போல் குறைக்க வேண்டாம். இனிப்போடு அதற்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. முட்டையின் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தாமதப்படுத்தி, திரியும் சூட்டைக் கொஞ்சம் மேலே தள்ளுகிறது. ஃப்ரீசரில் எல்லாத் தண்ணீரும் பாறையாக உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். 100 கிராமுக்குக் கீழே போனால் கரண்டி இறங்காது.

பாத்திரம் அடிகனமாக இருக்கட்டும், இரண்டு லிட்டர் பிடிப்பது. கிண்டுவதற்கு அடியையும் மூலையையும் வழிக்கக்கூடிய சிலிகான் கரண்டியோ தட்டையான மரக்கரண்டியோ வேண்டும். வட்டக் குழிக்கரண்டி மூலையைத் தொடாது, முட்டை முதலில் ஒட்டிப் பிடிப்பதோ அந்த மூலையில்தான். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் மிகவும் நல்லது. இல்லாவிட்டாலும் செய்யலாம், அதற்கான அடையாளங்களையும் சொல்கிறேன்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்

கஸ்டர்டைப் பதம் வந்த நொடியே இறக்கிக் குளிர வைக்க வேண்டும். அப்போது போய் வடிகட்டியைத் தேடினால் தேடி முடிப்பதற்குள் திரிந்துவிடும். அதனால் இறக்கும் இடத்தை முதலில் தயார் செய்துவிடுங்கள். ஒரு பெரிய பேசினில் ஐஸ் கட்டியும் தண்ணீரும். அதற்குள் ஒரு ஸ்டீல் கிண்ணம். கிண்ணத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற கிரீம் 200 மில்லியும். அதன் வாயில் கண் சிறிய வடிகட்டி.

கிரீமைப் பாலோடு சேர்த்துக் காய்ச்சாமல் இப்படித் தனியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. 82 டிகிரியில் இருக்கும் கஸ்டர்ட் குளிர்ந்த கிரீமில் விழுந்த உடனே மொத்தமும் 65 டிகிரிக்குப் பக்கம் இறங்கிவிடும். அதற்குப் பிறகு முட்டை திரியாது. பாக்கெட் கிரீம் ஏற்கெனவே சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டதுதான் என்பதால் அதைத் தனியே காய்ச்சத் தேவையில்லை. வீட்டில் பாலேடு எடுத்துச் சேர்த்து வைத்ததாக இருந்தால், அதைப் பாலோடு சேர்த்தே காய்ச்சிவிடுங்கள்.

மஞ்சள் கருவும் சர்க்கரையும்

முட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்கும்போது உடைத்தால் மஞ்சள் கரு உடையாமல் பிரியும். வெள்ளைக் கரு கொஞ்சம் ஒட்டியிருந்தால் பரவாயில்லை, ஆனால் நிறைய வேண்டாம். மஞ்சள் கருவை விட வெள்ளைக் கரு குறைந்த சூட்டிலேயே வெந்து, பிசிறு பிசிறாக மிதக்கும்.

ஐந்து மஞ்சள் கருவையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, பாதிச் சர்க்கரையைச் சேர்த்து உடனே அடிக்கவும். சர்க்கரையை மேலே கொட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போகக் கூடாது. சர்க்கரை மஞ்சள் கருவின் ஈரத்தை உறிஞ்சிவிடும், தொட்ட இடமெல்லாம் சின்னச் சின்ன மஞ்சள் குருணைகளாகக் கட்டும். அப்புறம் எவ்வளவு அடித்தாலும் அவை கரையாது. ஒரு நிமிடம் அடித்து, நிறம் கொஞ்சம் வெளுத்தால் போதும். நுரை பொங்க அடிக்க வேண்டாம். நுரை அதிகமானால் அடுப்பில் கஸ்டர்டின் மேற்பரப்பைப் பார்க்க முடியாது.

பாலைச் சூடாக்கிக் கலப்பது

பால், மீதிச் சர்க்கரை, உப்பு மூன்றையும் அடிகனமான பாத்திரத்தில் வைத்து மிதமான தீயில் சூடாக்கவும். பொங்கி வர வேண்டியதில்லை. பாத்திரத்தின் ஓரமெல்லாம் சின்னக் குமிழிகள் வந்து ஆவி பறக்க ஆரம்பித்தால் அடுப்பை அணைத்துவிடலாம்.

இப்போது ஒரு கையால் மஞ்சள் கருவைக் கலக்கிக்கொண்டே, மறு கையால் ஒரு சின்னக் குழிக்கரண்டி சூடான பாலை மெல்லிய தாரையாக ஊற்றவும். கலந்ததும் இன்னொரு கரண்டி, அப்புறம் இன்னொன்று. பாதிப் பால் போனதும், இந்தக் கலவையை அப்படியே மீதிப் பால் உள்ள பாத்திரத்தில் ஊற்றிவிடலாம். புளித்த மோரை மோர்க்குழம்பில் சேர்க்கும்போது காட்டும் அதே நிதானம்தான் இதற்கும்: சூடும் குளிர்ச்சியும் திடீரென்று சந்திக்கக் கூடாது. பாலைக் கலந்து முடித்த நிலையில் மொத்தக் கலவை 60 டிகிரி சுற்றி இருக்கும்.

பதம்

இனி இருப்பதுதான் இந்தச் சமையலின் முக்கியமான ஏழெட்டு நிமிடங்கள். அடுப்பில் இருக்கும் சிறிய பர்னரை சிம்மில் வையுங்கள். கரண்டியை அடியோடு ஒட்டி வைத்து, முதலில் பாத்திரத்தின் ஓரத்தைச் சுற்றி ஒரு முறை, பிறகு நடுவில் எட்டு போட்டு ஒரு முறை என்று மாறி மாறி வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாகச் சுழற்றத் தேவையில்லை. எந்த இடமும் இரண்டு மூன்று நொடிக்கு மேல் தொடாமல் இருக்கக் கூடாது, அதுதான் முக்கியம்.

உள்ளே நடப்பது இதுதான். மஞ்சள் கருவின் புரதங்கள் சுருட்டி வைத்த நூல் மாதிரி. சூடு ஏற ஏற அவை பிரிந்து நீண்டு, பக்கத்தில் உள்ள நூல்களோடு அங்கங்கே கோத்துக்கொள்கின்றன. தளர்வாகக் கோத்த அந்த வலைக்குள் பால் சிக்கிக்கொள்வதால்தான் கலவை கெட்டியாகிறது. சூடு இன்னும் ஏறினால் வலை இறுகும். இறுகும்போது உள்ளே இருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அதைத்தான் திரிந்துவிட்டது என்கிறோம். இந்த அளவில் பாலும் சர்க்கரையும் கலந்த மஞ்சள் கரு 76, 77 டிகிரியில் கெட்டியாகத் தொடங்கி, 82இல் சரியான பதத்துக்கு வருகிறது. 85ஐத் தாண்டினால் திரியத் தொடங்கும். மொத்தமே எட்டு டிகிரி இடைவெளி, அதில் நமக்கு வேண்டியது கடைசியில் உள்ள மூன்று நான்கு டிகிரி.

போன வாரம் செய்தபோது கடிகாரத்தையும் தெர்மாமீட்டரையும் பார்த்துக் குறித்துக்கொண்டேன். முதல் மூன்று நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. மேலே மெல்லிய நுரை, கரண்டியில் வெறும் பால். நான்காவது நிமிடத்தில், 70 டிகிரியைத் தாண்டியதும், நுரைக் குமிழிகள் பெரிதாகி ஒவ்வொன்றாக உடைந்து மேற்பரப்பு தெளிந்தது. நான் எப்போதும் காத்திருக்கும் முதல் அடையாளம் இது. நுரை அடங்கிய பிறகு தலை நிமிரவே கூடாது. ஐந்தரை நிமிடத்தில் 77. இந்த இடத்தில் கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடுகிறது. கரண்டி தண்ணீரில் நகர்வது மாதிரி இல்லாமல் எண்ணெயில் நகர்வது மாதிரி லேசாக இழுக்கும். கிண்டும்போது எழும் அலைகளும் சோம்பலாகப் படியும். ஆறே முக்கால் நிமிடத்தில் 81 காட்டியது. இறக்கிவிட்டேன். பாத்திரத்தின் சூட்டிலேயே அது இன்னும் ஒரு டிகிரி ஏறியது.

தெர்மாமீட்டர் இல்லாதவர்கள், நுரை அடங்கியதிலிருந்து அரை நிமிடத்துக்கு ஒரு முறை இதைச் செய்து பாருங்கள். பாத்திரத்தை அடுப்பிலிருந்து தூக்கி, கரண்டியை வெளியே எடுத்து, அதன் பின்பக்கத்தில் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்து, கரண்டியைச் சாய்க்கவும். கோட்டின் மேல் விளிம்பிலிருந்து கஸ்டர்ட் வழிந்து கோட்டை அழித்தால் இன்னும் வரவில்லை. ஒரு சொட்டு மட்டும் மெதுவாக இறங்கினால் அரை நிமிடம் பாக்கி. விளிம்பு கத்தியால் வெட்டியது போல அப்படியே நின்றால் பதம் வந்துவிட்டது. சர்க்கரைப் பாகில் கம்பிப் பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகக் கைவரும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் பாத்திரம் அடுப்பை விட்டு விலகியிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆவி பறப்பது சரி, கொதி வரக் கூடாது. ஓரத்தில் ஒரே ஒரு குமிழி எழுந்து உடைந்தாலும் அடியில் சூடு அளவைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

பதம் வந்ததும் கஸ்டர்டை வடிகட்டி வழியாகக் கிரீம் உள்ள கிண்ணத்தில் உடனே ஊற்றிவிடுங்கள். பாத்திரத்தின் அடியைச் சுரண்டி வழிக்க வேண்டாம், அங்கே ஒட்டியிருப்பது வெந்த முட்டை. வடிகட்டியில் ஒரு டீஸ்பூன் அளவு பிசிறு தங்குவது வழக்கம்தான்.

திரிந்துவிட்டால்

ஒரு முறை நுரை அடங்கிய நேரத்தில் வாசலில் மணி அடித்தது. சிம்மில்தானே இருக்கிறது என்று போய்விட்டு வந்தேன், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கரண்டியைத் தூக்கியபோது அதன் மேல் ரவை ஒட்டியது போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. அந்த நிலையில் இருந்தால் காப்பாற்றலாம். உடனே இறக்கிக் குளிர்ந்த கிரீமில் ஊற்றி, ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மிக்ஸியில் அரை நிமிடம் அடித்து வடிகட்டினால் திரும்பவும் வழவழப்பாகிவிடும். சூடாக மிக்ஸியில் ஊற்றி மூட வேண்டாம், ஆவி மூடியைத் தூக்கியடிக்கும். அன்று அப்படித்தான் செய்தேன். ஐஸ்கிரீம் நன்றாகவே வந்தது, முட்டை வாசனை மட்டும் வழக்கத்தை விடச் சற்றுத் தூக்கலாக இருந்தது.

ஆனால் மஞ்சள் கட்டிகள் தனியாகவும் தெளிந்த நீர் தனியாகவும் நின்றால், அல்லது அவித்த முட்டை வாடை மூக்கில் ஏறினால், அதை எதுவும் செய்ய முடியாது. மிக்ஸியில் அடித்தால் வழவழப்பாகத் தெரியும், உறைந்த பிறகு வாயில் மணல் மணலாக இருக்கும். அதற்கு மேல் ஐஸும் உப்பும் செலவழிக்க வேண்டாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. பயந்துகொண்டு 70 டிகிரிக்கு முன்னாலேயே இறக்கினால் கஸ்டர்ட் திரியாது, ஆனால் கெட்டியும் ஆகாது, முட்டையில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா கிருமியும் சாகாமல் போகலாம். முட்டை சேர்ந்த சமையலுக்கு 71 டிகிரி தொட்டிருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு அளவு. நம் பதம் அதைத் தாண்டித்தான் இருக்கிறது. நீர்த்துப்போனது என்று கிரீம் சேர்த்த பிறகு தெரிந்தால், மொத்தத்தையும் திரும்ப அடுப்பில் வைத்து அதே முறையில் 82க்குக் கொண்டுவரலாம்.

குளிர்ந்து ஊறட்டும்

ஐஸ் தண்ணீரில் இருக்கும் கிண்ணத்தை அடிக்கடி கிளறிக்கொண்டே இருந்தால் 20 நிமிடத்தில் ஜில்லென்று ஆகிவிடும். பாலும் முட்டையும் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் நிற்பது கிருமிகளுக்கு விருந்து வைத்தது போல. அதனால் மேடையில் தானாக ஆறட்டும் என்று விட வேண்டாம். ஆறியதும் வெனிலா சேர்த்து, மூடி, ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க வைக்கவும். குறைந்தது நான்கு மணி நேரம்.

இந்த ஊறலைத் தவிர்த்துவிட்டு நேராக உறைய வைத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். குளிர்ச்சியில் கிரீமின் கொழுப்பு கெட்டிப்படுகிறது, புரதங்கள் தண்ணீரை இன்னும் பிடித்துக்கொள்கின்றன. கடையும்போது காற்றைத் தாங்கி நிற்பதும், சின்னப் படிகங்களாக உறைவதும் இதனால்தான். காலையில் எடுத்துப் பார்த்தால், இரவு பாலாக இருந்தது நல்ல கெட்டி மோர் போலக் கரண்டியில் கனமாக வழியும்.

ஐஸும் கல் உப்பும்

கலவையை டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் உறையும், ஆனால் மெதுவாக உறையும். மெதுவாக உறையும்போது தண்ணீர் பெரிய பெரிய படிகங்களாகக் கட்டி, கடித்தால் நறநறக்கும். வேகமாக உறைய வேண்டும், உறையும் நேரமெல்லாம் கலங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மெஷின் செய்வதும் இதைத்தான். நம்மூர் தள்ளுவண்டிகளில் பானைக்குள் ஐஸும் உப்பும் போட்டுக் குல்ஃபி உறைய வைப்பார்களே, அந்த உப்பு வித்தை இங்கேயும் உதவும்.

ஐஸ் தனியாக இருந்தால் 0 டிகிரிக்குக் கீழே குளிர வைக்காது. நம் கலவை உறையத் தொடங்குவதே -2, -3 டிகிரியில்தான். உப்புச் சேர்த்தால் ஐஸ் 0க்குக் கீழேயே உருகத் தொடங்குகிறது, உருகுவதற்கு வேண்டிய சூட்டைத் தூக்குவாளியிலிருந்து இழுத்துக்கொள்கிறது. உப்புத் தண்ணீரால் -21 வரை போக முடியும், வீட்டு வாளியில் -12, -15 கிடைத்தாலே போதுமானது.

இரண்டு லிட்டர் ஸ்டீல் தூக்குவாளியை அரை மணி நேரம் முன்பே ஃப்ரீசரில் வைத்துக் குளிர வைத்து, கலவையை ஊற்றி மூடுங்கள். பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. பிளாஸ்டிக் வாளியின் அடியில் இடித்த ஐஸ் ஒரு பரப்பு, அதன் மேல் கல் உப்பு, நடுவில் தூக்கு, சுற்றிலும் ஐஸும் உப்பும் மாற்றி மாற்றி. 3 கிலோ ஐஸுக்கு 1 கிலோ உப்பு. ஐஸ் தூக்கின் கழுத்துக்குக் கீழேயே நிற்கட்டும், மூடி வரை நிரப்பினால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

இனி தூக்கின் பிடியைப் பிடித்து அரைச்சுற்று இப்படி, அரைச்சுற்று அப்படி என்று விடாமல் திருப்ப வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூடியையும் கழுத்தையும் ஈரமில்லாமல் துடைத்துவிட்டுத் திறந்து, உள்சுவரில் உறைந்து ஒட்டியிருப்பதை மரக்கரண்டியால் வழித்து நடுவில் தள்ளி அடிக்கவும். துடைக்க மறந்தால் ஒரு சொட்டு உப்புத் தண்ணீரே அந்தப் பக்கம் முழுவதையும் கரிக்க வைத்துவிடும். முதல் பத்து நிமிடம் சுவரில் மெல்லிய ஏடு மட்டும் படியும். கால் மணி நேரத்துக்கு மேல் கெட்டியாகிக்கொண்டே வரும். 35 நிமிடம் சுற்றி, மாவு மாதிரி கனத்து, கரண்டியில் எடுத்தால் விழாமல் நிற்கும். தோளுக்கு வேலைதான். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் மாற்றி மாற்றிச் செய்யலாம்.

ஐஸ் கிடைக்காத நாளில், கலவையை அகலமான ஸ்டீல் தட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, முக்கால் மணிக்கு ஒரு முறை எடுத்து ஓரத்தை உடைத்து நன்றாக அடித்து வையுங்கள். நான்கு முறை செய்தால் சாப்பிடும்படி வரும். தூக்கில் சுற்றியதன் வழவழப்பு அதில் வராது.

கெட்டிப்படுத்துவது

சுற்றி முடித்த ஐஸ்கிரீம் மென்மையாக இருக்கும், வெளியே வைத்தால் சட்டென்று உருகும். உயரம் குறைந்த, முன்பே குளிர வைத்த டப்பாவில் வழித்துப் போட்டு, மேற்பரப்பில் படும்படி பட்டர் பேப்பரை ஒட்டி மூடுங்கள். இல்லாவிட்டால் மேலே பனி படியும். ஃப்ரீசரை முழுக் குளிர்ச்சிக்குத் திருப்பி, டப்பாவைப் பின்சுவரை ஒட்டி வைத்து, ஆறு மணி நேரம் திறக்காமல் விடுங்கள். கதவுப் பக்கம் வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் உருகித் திரும்ப உறையும், படிகங்கள் பெரிதாகும்.

பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு டப்பாவை ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழே ஃப்ரிட்ஜ் பகுதியில் வைத்தால் கரண்டி சுலபமாக இறங்கும். ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. அதற்குள் உருகித் தண்ணீராகிவிட்டதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம்.